விசாரணை இல்லாமல் டிஸ்மிஸ்: எந்த ரிட் போடுவது?

கேள்வி: ஐயா, வணக்கம். நான் காட்பாடி சட்டக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். என் அக்கா எங்கள் மாவட்டத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளர். குரூப் 4 எழுதி வேலைக்கு வந்தவர், தகுதிகாண் பருவமும் முடித்துவிட்டார். சான்றிதழ் கொடுக்கப் பணம் கேட்டார் என்று யாரோ புகார் கொடுத்திருக்கிறார்கள். சார்ஜ் மெமோ தரவில்லை, கூப்பிட்டு விசாரிக்கவும் இல்லை. மூன்று வாரத்துக்கு முன் நேராக டிஸ்மிஸ் ஆணை வந்தது. "விசாரணை நடத்துவது நடைமுறையில் சாத்தியமில்லை என்பதால்" என்று அதில் ஒரு வரி இருக்கிறது. அக்காவை நியமித்தது மாவட்ட அதிகாரி. டிஸ்மிஸ் ஆணையில் கையெழுத்து, அவருக்குக் கீழே இருக்கும் கோட்ட அதிகாரியுடையது. வேலையைத் திரும்பக் கொடு என்று மாண்டமஸ் போட வேண்டும் என்பது என் எண்ணம். அக்கா இடத்தில் இப்போது வேறொருவர் உட்கார்ந்திருப்பதால் கோ வாரண்டோ என்கிறான் நண்பன். முதலில் அப்பீல்தான் என்கிறார் மாமா. சத்துவாச்சாரி கோர்ட்டிலேயே சிவில் வழக்கு போடலாம் என்பவர்களும் உண்டு. எது சரி?
– குடியாத்தம் வாசகர்

பதில்: தம்பி, அக்கா போட வேண்டியது செர்ஷியோராரியும் மாண்டமஸும் சேர்ந்த ஒரே மனு. சென்னை உயர் நீதிமன்றத்தில் இதற்கு "செர்ஷியோராரிஃபைட் மாண்டமஸ்" என்றே பெயர். பாடப்புத்தகத்தின் ஐந்து ரிட்டுகளில் இந்தப் பெயரைத் தேடினால் கிடைக்காது. ஆனால் உயர் நீதிமன்றத்தில் பணி தொடர்பான வழக்குகள் வரும் நாளில் பட்டியலை எடுத்துப் பார்த்தால், பக்கத்துக்குப் பக்கம் இதுதான் இருக்கும்.

உங்கள் மாண்டமஸ் பாதி சரி. எந்தப் பாதி தவறு என்று புரிந்துவிட்டால் மற்ற எல்லாம் தானாகப் புரியும். மாண்டமஸ் என்பது, சட்டப்படி ஒரு கடமை இருந்தும் செய்யாமல் இருக்கும் அதிகாரியை "செய்" என்று சொல்வது. இன்றைய தேதியில் அந்த அலுவலகத்துக்கு உள்ள கடமை என்ன? டிஸ்மிஸ் ஆணை ஒன்று கோப்பில் உட்கார்ந்திருக்கிறது. அது இருக்கும்வரை உங்கள் அக்காவை வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட விடாமல் இருப்பதுதான் அங்கே எல்லோருடைய கடமையும். "வேலை கொடு" என்று மட்டும் கேட்டால், அமலில் இருக்கும் ஓர் ஆணையை மீறச் சொல்லி நீதிமன்றத்தைக் கேட்பதாக ஆகிவிடும். அரசுத் தரப்பு வழக்கறிஞர் எழுந்து ஒரே வரியில் முடித்துவிடுவார்: "ஆணையை எதிர்த்து மனுதாரர் எதுவுமே கேட்கவில்லை."

"ஆணைதான் செல்லாததாயிற்றே, செல்லாத ஆணையை எதற்கு ரத்து செய்யச் சொல்ல வேண்டும்?" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்விதான். பஞ்சாபில் டிஸ்மிஸ் ஆன ஊழியர்கள் இதையே உச்ச நீதிமன்றம் வரை கொண்டுபோனார்கள். ஆணை தொடக்கத்திலிருந்தே வெற்று ஆணை, ஆகவே எங்களுக்குக் காலக்கெடுவே கிடையாது என்பது அவர்கள் வாதம். 1991-ல் குருதேவ் சிங் வழக்கில் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. எவ்வளவு கோளாறான ஆணையாக இருந்தாலும், நீதிமன்றத்துக்கு வந்து செல்லாது என்று அறிவிக்க வைக்கும்வரை நடைமுறையில் அது உயிரோடு இருக்கும். உரிய காலத்துக்குள் வர வேண்டும் என்றது. ஆக, முதல் வேலை வழியில் கிடக்கும் ஆணையை அகற்றுவது. அது செர்ஷியோராரியின் வேலை. அகற்றிய பிறகு பணியில் சேர்த்துக்கொள்ளச் சொல்வது மாண்டமஸின் வேலை. ரத்தோடு நிறுத்திக்கொண்டால், "ஆணை ரத்தாகிவிட்டது, சரி, பணியில் சேர்ப்பது பற்றி மேலிடத்தில் கேட்டிருக்கிறோம்" என்று மாதக்கணக்கில் இழுப்பார்கள். இரண்டையும் ஒரே மனுவில் கேட்பதற்கு இதுதான் காரணம்.

தனி மாண்டமஸ் எப்போது பொருந்தும்? எழுத்தில் ஆணையே கொடுக்காமல், "நாளையிலிருந்து வராதே" என்று வாயால் சொல்லி அனுப்பியிருந்தால் பொருந்தும். அங்கே ரத்து செய்ய எதுவும் இல்லை. மேல்முறையீடு போட்டு அதைத் தீர்க்காமல் வைத்திருந்தால், "இத்தனை வாரத்துக்குள் முடிவெடு" என்று கேட்கவும் மாண்டமஸ்தான். உங்கள் அக்காவின் நிலை இந்த இரண்டும் இல்லை.

இந்த இடத்தில் சட்ட மாணவர் ஒருவர் கட்டாயம் மடக்குவார். செர்ஷியோராரி என்பது நீதிமன்றம் போலச் செயல்படும் அமைப்புகளின் முடிவுக்கு எதிராகத்தான் வரும், ஊழியரை நீக்குவது வெறும் நிர்வாக நடவடிக்கைதானே என்பார். பழைய புத்தகங்களில் அப்படித்தான் இருக்கும். அந்தச் சுவர் விழுந்து அரை நூற்றாண்டுக்கு மேலாகிறது. 1967-ல் பினாபாணி தேய் வழக்கில், ஒடிசா அரசு மருத்துவர் ஒருவரின் பிறந்த தேதியை அவரை முறையாகக் கேட்காமலே தீர்மானித்து ஓய்வில் அனுப்பியிருந்தார்கள். நிர்வாக ஆணையாகவே இருந்தாலும் ஒருவரின் உரிமையைப் பாதிக்குமானால் அவரைக் கேட்டுத்தான் போட வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். இரண்டு ஆண்டு கழித்து கிரைபக் வழக்கு, நிர்வாக முடிவுக்கும் நீதிமன்றம் போன்ற முடிவுக்கும் நடுவே மிச்சமிருந்த எல்லைக்கோட்டையும் ஏறக்குறைய அழித்துவிட்டது. அதற்கும் முன்பே, 1954-ல் பசப்பா வழக்கில், இங்கிலாந்து ரிட்டுகளின் பழைய நுணுக்கங்களுக்குள் நம் உயர் நீதிமன்றங்கள் சிக்கிக்கொள்ளத் தேவையில்லை என்று சொல்லியாயிற்று. பிரிவு 226-ம் இந்த ரிட்டுகளை "உள்ளடக்கிய" ஆணைகள் என்றுதான் சொல்கிறது. இவை மட்டும் என்று சொல்லவில்லை. ஆகவே மனுவின் தலைப்பில் ரிட்டின் பெயர் தவறிவிட்டது என்பதற்காக மட்டும் வழக்கு தோற்காது. கேட்க வேண்டிய நிவாரணத்தைக் கேட்காமல் விட்டால் அடி விழும்.

இனி உங்கள் வழக்கின் மையத்துக்கு வருகிறேன். ஆணையில் இருக்கும் அந்த ஒரு வரியைப் போகிறபோக்கில் சொல்லியிருக்கிறீர்கள். முழு வழக்கும் அதன் மேல்தான் நிற்கப்போகிறது.

பிரிவு 311(2) சொல்வது இது: அரசுப் பணியில் இருப்பவரை டிஸ்மிஸ் செய்யவோ நீக்கவோ பதவி இறக்கவோ வேண்டுமானால், குற்றச்சாட்டுகளை அவருக்குத் தெரிவித்து, பதில் சொல்ல நியாயமான வாய்ப்புக் கொடுத்து, விசாரணை நடத்திய பிறகுதான் செய்யலாம். நம் மாநிலத்தில் ஒழுங்கு நடவடிக்கை விதிகளின் 17(ஆ) இதற்கான வழி. அலுவலகங்களில் "17 பி சார்ஜ்" என்கிறார்களே, அதுதான். ஆனால் 311(2)-க்கு மூன்று விதிவிலக்குகள் உண்டு. குற்ற வழக்கில் தண்டனை பெற்றவருக்கு விசாரணை தேவையில்லை. விசாரணை நடத்துவது நியாயமாகப் பார்த்தால் நடைமுறையில் சாத்தியமில்லை என்று அதிகாரி கருதி, அதற்கான காரணத்தை எழுத்தில் பதிவு செய்தால் தேவையில்லை. நாட்டின் பாதுகாப்பு கருதி குடியரசுத் தலைவரோ ஆளுநரோ வேண்டாம் என்று முடிவு செய்தாலும் தேவையில்லை.

உங்கள் கோட்ட அதிகாரி இரண்டாவது விதிவிலக்கைப் பிடித்திருக்கிறார். அல்லது ஆணையைத் தட்டச்சு செய்தவர் பழைய கோப்பு ஒன்றிலிருந்து அந்த வரியை எடுத்து ஒட்டியிருக்கலாம், அதுவும் நடப்பதுதான்.

இந்த விதிவிலக்கின் எல்லையை 1985-ல் துளசிராம் படேல் வழக்கில் உச்ச நீதிமன்றம் விரிவாகச் சொன்னது. அரசு ஊழியர்களுக்குக் கடுமையான தீர்ப்பு என்று பெயர் வாங்கியது அது. அதிலேயே அவர்களுக்கான பாதுகாப்பும் இருக்கிறது. சாட்சிகள் வாய் திறக்க முடியாதபடி ஊழியர் மிரட்டுகிறார், விசாரணை அதிகாரியே அச்சுறுத்தப்படுகிறார், கும்பலாகச் சேர்ந்து அலுவலகத்தையே நடத்தவிடாமல் செய்கிறார்கள் என்பது போன்ற சூழல்தான் "சாத்தியமில்லை" என்பதற்குப் பொருள். விசாரணையைத் தவிர்க்க வேண்டும் என்பதற்காகவோ, துறையின் கையில் சரக்கு இல்லை என்பதற்காகவோ இதைப் பயன்படுத்தக் கூடாது. காரணத்தைத் தண்டனை ஆணைக்கு முன்பே எழுதி வைத்திருக்க வேண்டும். அந்தக் காரணம் மொட்டையாக இருக்கக் கூடாது. சட்டத்தின் சொற்களையே திருப்பி எழுதினால் அது காரணம் ஆகாது. காரணம் பதிவாகவில்லை என்றால் விசாரணையைத் தவிர்த்ததும் செல்லாது, தண்டனை ஆணையும் செல்லாது.

உங்கள் ஆணையில் இருக்கும் வரியைத் திரும்பப் படியுங்கள். சட்டத்தில் உள்ள சொற்கள் அப்படியே இருக்கின்றன. ஏன் சாத்தியமில்லை என்பது இல்லை. சான்றிதழுக்குப் பணம் கேட்டார் என்பது புகார். புகார் கொடுத்தவர் இருக்கிறார், சான்றிதழ் கோப்பு இருக்கிறது, கூட வேலை பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். இதில் எந்தச் சாட்சி வர மறுத்தார்?

ஆனால் ஒரு எச்சரிக்கை. காரணத்தை ஆணையிலேயே எழுதித்தான் தீர வேண்டும் என்று துளசிராம் தீர்ப்பு சொல்லவில்லை. எழுதுவது நல்லது என்று மட்டும் சொன்னது. கோப்பில் தனியாகப் பதிவு செய்திருந்தாலும் போதும். ஆணையில் இல்லை என்பதை மட்டும் வைத்துக்கொண்டு வென்றுவிட்டதாக நினைக்காதீர்கள். கோப்பில் என்ன இருக்கிறது என்று பார்த்தாக வேண்டும்.

செர்ஷியோராரிதான் சரி என்று நான் அடித்துச் சொல்வதற்கு இன்னொரு காரணம் இங்கேதான் இருக்கிறது. "கோப்பை வரவழைத்து, பார்த்து, ரத்து செய்" என்பது அந்த ரிட்டின் வாசகத்திலேயே உண்டு. கோப்பு வந்தால் குறிப்புத் தாள்கள் வரும். எந்தத் தேதியில், யார், என்ன எழுதினார்கள் என்பது அதில் வரிசையாக இருக்கும். காரணம் முன்பே எழுதப்பட்டதா, வழக்கு வந்த பிறகு இடையில் செருகப்பட்டதா என்பதும் பெரும்பாலும் அங்கே தெரிந்துவிடும். பக்க எண் ஒட்டாது, மேலே போய் வந்த குறிப்பில் அந்தப் பத்தியைப் பற்றிப் பேச்சே இருக்காது. கோப்பில் இல்லாத காரணத்தை அரசு தன் பதில் பிரமாணப் பத்திரத்தில் புதிதாக எழுதிக் கொண்டுவந்தால், அதை ஏற்க வேண்டியதில்லை. நீதிபதி கோப்பைக் கேட்கும் அன்று, அரசு வழக்கறிஞர் "ஒரு வாரம் அவகாசம் வேண்டும்" என்றால், அந்த வாரத்தில் உங்கள் வழக்கறிஞர் தூங்கக் கூடாது.

அடுத்தது கையெழுத்து. இது நீங்கள் நினைப்பதைவிடப் பெரிய விஷயம். நியமித்தவருக்குக் கீழ்ப்பட்ட அதிகாரி எவரும் டிஸ்மிஸ் செய்யவோ நீக்கவோ கூடாது என்கிறது பிரிவு 311(1). மெமோ கொடுப்பதைக் கீழ் அதிகாரி செய்யலாம், விசாரணையையும் நடத்தலாம். டிஸ்மிஸ் ஆணை மட்டும் நியமித்தவரோ அவருக்குச் சமமானவரோ மேலானவரோ போட வேண்டும். "நியமன அதிகாரம் இப்போது கோட்ட அதிகாரிக்கே பகிர்ந்தளிக்கப்பட்டுவிட்டது" என்று அரசுத் தரப்பில் ஒரு அரசாணையைக் காட்டுவார்கள். பயப்பட வேண்டாம். அக்காவின் நியமன ஆணையில் அன்று கையெழுத்திட்டவர் யார் என்பதுதான் கணக்கு. பின்னால் அதிகாரத்தைக் கீழே கொடுத்துவிட்டதால் அவருடைய பாதுகாப்பு கீழே இறங்காது என்று 1979-ல் கிருஷ்ண குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அது ரயில்வே ஊழியர் ஒருவரின் வழக்கு. ஆகவே நியமன ஆணையின் அசலை இன்றைக்கே தேடி எடுங்கள். வீட்டில் இல்லையென்றால் பணிப்பதிவேட்டின் முதல் பக்கங்களில் அதன் எண்ணும் தேதியும் இருக்கும். "மாவட்ட அதிகாரிக்காக" என்று கீழ் அதிகாரி கையெழுத்திட்டிருக்கிறாரா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். அப்படி இருந்தால் நியமன முடிவு மாவட்ட அதிகாரியுடையதுதான் என்பதைக் காட்டக் கோப்பு தேவைப்படும்.

இனி மாமாவின் கேள்வி. அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. விதிகளில் மேல்முறையீடு இருக்கும்போது அதை விட்டுவிட்டு ரிட் போட்டால், "அங்கே போய் வா" என்று திருப்பி அனுப்பும் நீதிபதிகள் உண்டு. ஆனால் இயற்கை நீதி மீறப்பட்டிருந்தாலோ, அதிகாரமே இல்லாதவர் ஆணை போட்டிருந்தாலோ மாற்று வழி இருப்பது தடையாகாது. 1957-ல் முடிவான முகமது நூ வழக்கைப் படித்துப் பாருங்கள். உத்தரப் பிரதேசத்தில் போலீஸ்காரர் ஒருவர் மீது துறை விசாரணை. விசாரணை நடத்திய அதிகாரியே எழுந்துபோய் சாட்சியும் சொல்லிவிட்டு, திரும்பி வந்து உட்கார்ந்து டிஸ்மிஸ் செய்தார். இப்படிப்பட்ட கோளாறுக்கு, மேல்முறையீடு இருந்தாலும் செர்ஷியோராரி வரும் என்றது உச்ச நீதிமன்றம். பாவம், அந்தப் போலீஸ்காரருக்கு அதனால் பயன் இல்லை. டிஸ்மிஸ் ஆணை 1948-ல் போடப்பட்டது. அரசமைப்புச் சட்டம் வருவதற்கு முந்திய ஆணையைப் பிரிவு 226-ல் தொட முடியாது என்று வழக்கு போய்விட்டது.

உங்கள் வழக்கில் விசாரணையும் இல்லை, அதிகாரமும் இல்லை. இரண்டு கதவும் திறந்திருக்கின்றன. ஆகவே நேராக ரிட் போடுங்கள் என்பதே என் கருத்து. ஆனால் மேல்முறையீட்டுக்கான கெடு முடிவதற்குள் போடுங்கள். அப்போது, நீதிபதி அப்பீலுக்கு அனுப்பினாலும் காலதாமதம் என்ற பேச்சு வராது. இரண்டையும் ஒரே சமயத்தில் போட்டு வைப்பது வேண்டாம். "அங்கேயும் நிற்கிறார், இங்கேயும் நிற்கிறார்" என்று எதிர்த்தரப்பு பிடித்துக்கொள்ளும்.

கோ வாரண்டோ பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு பொதுப்பதவியில் உட்கார்ந்திருப்பவரைப் பார்த்து "உனக்கு என்ன தகுதி" என்று கேட்பது அது. அக்கா இடத்துக்கு வந்தவர் இடமாறுதலில் வந்த இன்னொரு ஊழியர். அவருடைய தகுதியில் கோளாறு எதுவும் இல்லை. அவரை வெளியேற்றினாலும் அக்கா உள்ளே வர முடியாது. மீண்டும் பணி கிடைத்தால் அதே பதவி நிலையில் வேறு அலுவலகத்தில்கூட இடம் கொடுக்கலாம், அதே நாற்காலி வேண்டும் என்று கேட்க முடியாது. ஆகவே அவரை எதிர்மனுதாரராகச் சேர்க்கவும் தேவையில்லை.

சிவில் வழக்கு தவறான வழி அல்ல. ஆணை செல்லாது என்று அறிவிக்கக் கோரி மூன்று ஆண்டுக்குள் போடலாம். குருதேவ் சிங் வழக்கே அப்படி வந்ததுதான். ஆனால் அரசுக்கு இரண்டு மாத முன்னறிவிப்பு, சாட்சி, குறுக்கு விசாரணை, அப்பீல், இரண்டாம் அப்பீல் என்று போகும். உண்மை என்ன என்பதிலேயே சிக்கல் இருந்தால் அதற்குப் பொருள் உண்டு. இங்கே சிக்கல் ஆணையின் முகத்திலேயே இருக்கும்போது எதற்கு அவ்வளவு தூரம்? வேலூர், திருப்பத்தூர், ராணிப்பேட்டை மூன்று மாவட்டத்துக்காரர்களும் ரிட்டுக்குப் போக வேண்டியது சென்னை முதன்மை அமர்வுக்கு, மதுரைக்கு அல்ல. உச்ச நீதிமன்றத்துக்குப் பிரிவு 32-ல் நேராகப் போகலாமா என்று வகுப்பில் கேட்பார்கள். பிரிவு 311 அடிப்படை உரிமைகள் அடங்கிய பகுதியில் இல்லை. பிரிவு 14-ஐச் சேர்த்துப் போட்டாலும் உயர் நீதிமன்றத்துக்குப் போ என்றுதான் சொல்வார்கள்.

உங்களைப் போலவே அக்கா டிஸ்மிஸ் ஆகி இதைப் படிக்கும் இன்னொருவர் இருக்கலாம் என்பதால் ஒரு வார்த்தை. இதெல்லாம் மாநில அரசின் பணியில் இருப்பவருக்கு. தபால் துறை போன்ற மத்திய அரசுப் பணி என்றால் முதலில் மத்திய நிர்வாகத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வுக்குப் போய்விட்டுத்தான் உயர் நீதிமன்றம் வர முடியும். மாநில ஊழியர்களுக்கு 1988-ல் ஏற்பட்ட தீர்ப்பாயம் பின்னர் கலைக்கப்பட்டுவிட்டதால் அவர்களுக்கு இந்த இடைநிலை கிடையாது. போக்குவரத்துக் கழகம் போன்ற நிறுவன ஊழியருக்குப் பிரிவு 311 பொருந்தாது; அவர் பிரிவு 14-ஐயும் தன் நிறுவன விதிகளையும் பிடித்து வர வேண்டும். தகுதிகாண் பருவத்தில் இருப்பவரின் வழக்கும் வேறு மாதிரி போகும்.

மனுவின் வேண்டுதல் ஏறக்குறைய இப்படி இருக்க வேண்டும்: "இரண்டாம் எதிர்மனுதாரரின் இன்ன ந.க. எண், இன்ன தேதியிட்ட ஆணை தொடர்பான கோப்புகளை வரவழைத்து, அதை ரத்து செய்து, அதன் தொடர்ச்சியாக மனுதாரரைப் பணித்தொடர்ச்சியுடனும் இதர பணப்பலன்களுடனும் மீண்டும் பணியில் சேர்க்குமாறு எதிர்மனுதாரர்களுக்கு உத்தரவிட வேண்டும்." ஆணையின் எண்ணையும் தேதியையும் ஆணையைப் பார்த்தே எழுதுங்கள், நினைவிலிருந்து எழுதாதீர்கள். முதல் எதிர்மனுதாரராக மாவட்ட அதிகாரி, இரண்டாவதாகக் கோட்ட அதிகாரி, துறைச் செயலாளர் வழியாக அரசு. ஆணை கையில் கிடைத்த தேதியைக் காட்டும் உறையையோ ஒப்புகையையோ பத்திரமாக வையுங்கள்.

பிரமாணப் பத்திரத்தில்தான் பலர் வழுக்குவார்கள். "என் அக்கா நேர்மையானவர், அந்தப் புகார்தாரருக்கும் எங்களுக்கும் நிலத்தகராறு" என்று பத்துப் பக்கம் எழுதினால், நீதிபதிக்கு இது உண்மை விவகாரமாகத் தெரியும். அப்பீலுக்குப் போங்கள் என்பார். பணம் கேட்டாரா இல்லையா என்பதை ரிட் நீதிமன்றம் தீர்மானிக்கப்போவதில்லை. மெமோ இல்லை, விளக்கம் கேட்கவில்லை, விசாரணை இல்லை, காரணம் பதிவாகவில்லை, கையெழுத்திட்டவருக்கு அதிகாரம் இல்லை. இதுவே முதுகெலும்பு. ஆனால் வாய்ப்புக் கொடுத்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்பதை மட்டும் ஒரு பத்தியில் எழுதுங்கள். விசாரணையில் ஏதோ ஒரு சிறு நடைமுறைக் குறை என்றால் "அதனால் உனக்கு என்ன பாதிப்பு" என்று நீதிமன்றம் கேட்கும். அடியோடு வாய்ப்பே தராதபோது அந்தக் கேள்வி எழாது என்று 1996-ல் எஸ்.கே. சர்மா வழக்கில் பிரித்துச் சொல்லியிருக்கிறார்கள். இருந்தாலும் அந்தப் பத்தி கையில் இருப்பது நல்லது.

அக்காவிடம் ஒன்றைத் தனியாக உட்கார்ந்து கேளுங்கள். புகார் வந்த நேரத்தில் அலுவலகத்தில் அவரிடம் ஏதாவது வாக்குமூலம் எழுதி வாங்கினார்களா? பயத்தில் பலர் கொடுத்துவிடுவார்கள். வீட்டில் சொல்லவும் மாட்டார்கள். அப்படி இருந்தால் அதை மறைக்காமல் மனுவிலேயே சொல்லிவிட வேண்டும். பூர்வாங்க விசாரணையில் எழுதி வாங்கிய தாள் 311(2) சொல்லும் விசாரணைக்கு ஈடாகாது என்று வாதிடலாம். ஆனால் அதை நீங்கள் மறைத்து, எதிர்த்தரப்பு எடுத்துப் போட்டால், உண்மையை மறைத்தார் என்பதற்காகவே மனு தள்ளுபடியாகலாம். லஞ்ச ஒழிப்புத் துறை வழக்கு எதுவும் பதிவாகியிருந்தால் அதையும் சொல்லுங்கள். வழக்குப் பதிவு, தண்டனை ஆகாது. முதல் விதிவிலக்கு தண்டனைக்குப் பிறகுதான் வரும்.

இடைக்காலத் தடை கிடைக்கும் என்று அதிகம் எதிர்பார்க்காதீர்கள். டிஸ்மிஸ் ஆணை ஏற்கெனவே அமலாகிவிட்டது. அதற்குத் தடை கொடுப்பது தீர்ப்பையே முன்கூட்டிக் கொடுப்பது போல என்று நீதிபதிகள் தயங்குவார்கள். விரைவாக இறுதி விசாரணைக்கு எடுக்கச் சொல்லிக் கேட்பது அதைவிடப் பயன் தரும்.

வென்றால் என்ன கிடைக்கும் என்பதைக் குடும்பத்துக்கு இப்போதே சொல்லி வையுங்கள். விசாரணை இல்லை என்பதற்காக ஆணை ரத்தாகும்போது, புகார் பொய் என்று நீதிமன்றம் சொல்வதில்லை. உரிய அதிகாரி முறைப்படி புதிதாக விசாரணை நடத்தலாம் என்று அனுமதி கொடுத்துத்தான் பெரும்பாலும் முடிப்பார்கள். 1993-ல் கருணாகர் வழக்கில் உச்ச நீதிமன்றம் காட்டிய வழியும் இதுதான். விசாரணைக்காகப் பணியில் சேர்த்துக்கொண்டு, வேண்டுமானால் தற்காலிகப் பணிநீக்கத்தில் வைத்து, விட்ட இடத்திலிருந்து நடத்தலாம். இடைப்பட்ட காலச் சம்பளம் கடைசி முடிவைப் பொறுத்தது என்றது. பிரிவு 311 பின்பற்றப்படவில்லை என்ற காரணத்துக்காக மட்டும் ஆணை ரத்தாகும்போது இடைக்காலச் சம்பளத்தை எப்படிக் கணக்கிடுவது என்பதற்கு அடிப்படை விதிகளிலும் தனி ஏற்பாடு உண்டு. அதன்படி முழுச் சம்பளம் கிடைக்காமல் போகலாம், பிழைப்பூதியத்துக்குக் குறையாது. அதனால் ரத்தான மறுநாளே எல்லாச் சம்பளமும் வந்துவிடும் என்று நம்பிக் கடன் வாங்க வேண்டாம். தீர்ப்பில், புது விசாரணையை இத்தனை மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்று கெடு விதிக்கச் சொல்லி உங்கள் வழக்கறிஞர் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் அது ஆண்டுக்கணக்கில் இழுக்கும், பதவி உயர்வுப் பட்டியலில் அக்கா பெயரும் நிற்காது.

அதன் பிறகு 17(ஆ)-வில் ஒரு மெமோ வரும். அன்று உங்கள் நண்பன் மறுபடி வந்து, "இதற்குத் தடையுறுத்தும் ரிட் போடலாம்" என்பான். மெமோ கட்டத்தில் நீதிமன்றம் தலையிடுவது அபூர்வம். மெமோ என்பது கேள்விதான், அதனால் யாருடைய உரிமையும் இன்னும் பறிபோகவில்லை என்று 2006-ல் குனிசெட்டி சத்யநாராயணா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கொடுத்தவருக்கு மெமோ கொடுக்கும் அதிகாரமே இல்லை என்பது போன்ற நிலை இருந்தால் மட்டும் யோசிக்கலாம். மற்றபடி அக்கா கெடுவுக்குள் எழுத்தில் விளக்கம் கொடுக்கட்டும். எந்த ஆவணங்களை வைத்துக் குற்றம் சாட்டுகிறார்களோ அவற்றின் நகலை எழுதிக் கேட்டு ஒப்புகை வாங்கட்டும், புகார்தாரரைக் குறுக்கு விசாரணை செய்யட்டும். விசாரணை முடிந்ததும் அறிக்கையின் நகல் அவர் கைக்கு வர வேண்டும், அதன் மேல் கருத்துச் சொல்ல அவகாசமும் வேண்டும். இதுவும் கருணாகர் தீர்ப்பு கொடுத்த உரிமை. நகல் தராமல் ஆணை போட்டால், அப்போது எனக்கு மறுபடி எழுதுங்கள்.